சேர்க்கும் நாளில் எழுதாதது

தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டியதும் விடை வந்து நிற்கிறது. கணினி அவ்வளவு வேகமாகப் படிக்கிறது போலும் என்று எண்ணும் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிவது அப்படித்தான். ஆனால் நீங்கள் தட்டும் அந்த நொடியில் கணினி ஒரு பக்கத்தையும் படிப்பதில்லை. படிக்கும் வேலையெல்லாம் அதற்கு வெகு முன்பே, ஒவ்வொரு பக்கமும் வந்து சேர்ந்த நாளிலேயே முடிந்துவிட்டது. அன்று எழுதிவைத்ததை இன்று எடுத்துத் தருகிறது, அவ்வளவுதான். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அன்று எழுதாமல் விட்டது, பக்கத்தில் அச்சாகக் கண்ணெதிரே இருந்தாலும் இன்று கிடைக்காது. நூலகக் கார்டுகளை விரலால் தள்ளித் தேடிய காலத்தில் வேலைக்கு வந்து, ஒரு நாளிதழின் பழைய செய்திகளைக் கணினியில் ஏற்றித் தேடவைக்கும் பிரிவில் ஓய்வு பெற்றவன் நான். அந்த மறுபக்கத்தைத்தான் உங்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். முன்பக்கம் புரியாமல் அது புரியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செர்கே பிரின், லாரி பேஜ் என்ற இரண்டு மாணவர்கள் தாங்கள் கட்டிய கூகுள் என்ற தேடுபொறியின் உள்ளமைப்பை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது அவர்களிடம் இருந்தவை 2.4 கோடி பக்கங்கள், மொத்தம் 147.8 ஜிகாபைட். இன்றைய கைப்பேசிக்குள் அடங்கிவிடும் அளவுதான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வட்டிலிருந்து நொடிக்கு 10 மெகாபைட் படிக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், அத்தனையையும் ஒருமுறை படித்து முடிக்க 14,780 நொடிகள் ஆகும். நான்கு மணி நேரத்துக்கும் மேல். அதுவும் ஒருவர் கேட்ட ஒரே ஒரு சொல்லுக்கு. அடுத்தவர் வேறு சொல் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து. எத்தனை வேகமான எந்திரம் வந்தாலும், பக்கங்கள் அதைவிட வேகமாகப் பெருகும். ஆகவே வேகமாகப் படிப்பது இதற்கு வழியல்ல.

அவர்கள் செய்தது இது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பக்கத்தைப் படித்து, இந்த எண்ணுள்ள பக்கத்தில் இன்னின்ன சொற்கள் இருக்கின்றன என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு அந்தக் குறிப்புகளை எல்லாம் பக்க வரிசையிலிருந்து சொல் வரிசைக்கு மாற்றி அடுக்கினார்கள். அப்படி அடுக்கியதும், பக்கத்துக்குக் கீழே சொற்கள் என்றிருந்தது சொல்லுக்குக் கீழே பக்கங்கள் என்று புரண்டுவிடுகிறது. இதைத்தான் துறையில் இருப்பவர்கள் இன்வெர்ட்டெட் இண்டெக்ஸ் என்கிறார்கள். நல்ல பதிப்புகளின் கடைசியில் இருக்கும் சொல்லடைவும் இதே பொருள்தான். கணினிக்கு முன்பே மனிதன் கையால் செய்துவந்த காரியம் இது.

ஆறு சிறிய தலைப்புகளை வைத்துச் செய்து பார்ப்போம். கையில் தாளும் பேனாவும் இருந்தால் கூடவே எழுதுங்கள். ஒருமுறை கையால் செய்தவனுக்கு இது மறக்காது.

```
1  வைகை அணை நிரம்பியது
2  தாமிரபரணி வெள்ளம் வடிந்தது
3  வைகை வெள்ளம் பாலம் மூழ்கியது
4  மதுரை பாலம் திறப்பு
5  வைகை தூர்வாரும் பணி
6  பாலாறு வெள்ளம் பயிர் சேதம்
```

முதல் தலைப்பை எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் அதன் எண்ணோடு ஒரு ஜோடியாக எழுதுங்கள்: வைகை–1, அணை–1, நிரம்பியது–1. இப்படியே ஆறையும் முடியுங்கள். பிறகு ஜோடிகளை அகரவரிசைப்படுத்துங்கள். ஒரே சொல் அடுத்தடுத்து வரும். அந்த இடங்களில் சொல்லை ஒருமுறை மட்டும் எழுதி, எண்களை ஏறுவரிசையில் பக்கத்தில் எழுதுங்கள். சில வரிகளை மட்டும் காட்டுகிறேன்.

```
பாலம்    → 3, 4
மதுரை    → 4
வெள்ளம்  → 2, 3, 6
வைகை    → 1, 3, 5
```

இடப்பக்கம் இருப்பது அகராதி. வலப்பக்கம் இருப்பது ஒவ்வொரு சொல்லுக்குமான எண் பட்டியல். இண்டெக்ஸ் என்பது இந்த இரண்டும்தான். ஒருவர் 'வெள்ளம்' என்று கேட்டால் அகராதியில் அந்தச் சொல்லுக்குப் போகிறோம். வரிசைப்படுத்திய அகராதியில் நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்து, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் பத்து லட்சம் சொற்களிலும் இருபது முறைக்குள் இடம் தெரிந்துவிடும். பட்டியலை அப்படியே எடுத்துக் கொடுத்தால் வேலை தீர்ந்தது.

'வைகை', 'வெள்ளம்' இரண்டும் உள்ள செய்தி வேண்டும் என்றால்? இரண்டு பட்டியல்களின் தொடக்கத்திலும் ஒவ்வொரு விரலை வையுங்கள். ஒன்றில் 1, மற்றதில் 2. சிறியது 1, அந்த விரலை நகர்த்துங்கள். இப்போது 3, 2. சிறியது 2, அதை நகர்த்துங்கள். இப்போது 3, 3. இரண்டும் ஒன்று, ஆகவே விடையில் சேர்த்துக்கொண்டு இரு விரல்களையும் நகர்த்துங்கள். 5, 6 என்று வரும். சிறியதை நகர்த்தினால் பட்டியல் தீர்ந்துவிடுகிறது. விடை 3ஆம் செய்தி. எந்த இடத்திலும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதால்தான் இது முடிகிறது. வரிசை கலைந்த பட்டியலாக இருந்தால், ஒவ்வொரு எண்ணுக்கும் மறு பட்டியல் முழுவதையும் துழாவ வேண்டியிருக்கும்.

பெரிய தொகுப்பில் இதற்கு ஒரு நுட்பம் சேர்கிறது. 'முதுமக்கள்தாழி' 300 செய்திகளிலும் 'தமிழகம்' 4 லட்சம் செய்திகளிலும் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து வரும் இடத்தைத் தேடும்போது 4 லட்சத்தையும் ஒவ்வொன்றாகக் கடக்கத் தேவையில்லை. சிறிய பட்டியலின் 300 எண்களை எடுத்து, ஒவ்வொன்றும் பெரிய பட்டியலில் இருக்கிறதா என்று தாவித் தாவிப் பார்த்தால் போதும். அரிய சொல்லை முதலில் பிடி என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

ஏறுவரிசைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு பட்டியலில் 40210, 40217, 40219, 40260 என்ற எண்கள் இருந்தால், முதல் எண்ணை முழுதாக எழுதிவிட்டு, மற்றவற்றுக்கு இடைவெளியை மட்டும் எழுதலாம்: 40210, 7, 2, 41. ஒரு பைட்டில் ஏழு பிட்டுகளை எண்ணுக்கும், மிஞ்சிய ஒன்றை 'எண் இன்னும் முடியவில்லை' என்ற அடையாளத்துக்கும் ஒதுக்கினால், 128க்குக் குறைந்த இடைவெளி எதுவும் ஒரே பைட்டில் அடங்கிவிடும். அடிக்கடி வரும் சொல்லின் பட்டியல் நீளமானது, ஆனால் அதன் இடைவெளிகள் சிறியவை. எந்தப் பட்டியல் இடத்தை அடைக்கும் என்று பயப்படுகிறோமோ அதுவே நன்றாகச் சுருங்குகிறது. இந்த ஒரு ஏற்பாட்டை நான் எப்போதும் தனி மரியாதையோடுதான் பார்ப்பேன்.

இதுவரை சொன்னதில் ஒவ்வொரு சொல்லுக்கும் செய்தி எண்ணை மட்டும் எழுதினோம். அது போதுமா என்ற கேள்வி பழையது. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து டொமினிக்கன் துறவிகள், ஹியூ டி சான்-ஷேர் என்பவரின் தலைமையில் லத்தீன் பைபிளுக்குச் சொல்லடைவு செய்தார்கள். ஐந்நூறு துறவிகள் உழைத்தார்கள் என்று மரபு சொல்கிறது. வசன எண்கள் அப்போது கிடையாது. ஆகவே ஒவ்வொரு அதிகாரத்தையும் ஏழு பகுதிகளாகப் பிரித்து, எழுத்துகளால் குறித்து, அதையே முகவரியாக வைத்தார்கள். சொல்லும் முகவரியும் இருந்தன. சொல்லைச் சுற்றிய வாசகம் இல்லை. பயன்படுத்தியவர் ஒவ்வொரு முகவரிக்கும் பைபிளைப் புரட்டித்தான் தமக்கு வேண்டிய இடம் அதுதானா என்று அறிய வேண்டியிருந்தது. பின்னால் வந்தவர்கள் வாசகத்தையும் சேர்த்து எழுதினார்கள். அடைவு பல மடங்கு பெருத்தது.

நாங்களும் அதே இடத்தில் நின்றிருக்கிறோம். செய்தி எண்ணை மட்டும் எழுதிய இண்டெக்ஸில் 'மேல் முறையீடு' என்று தேடினால், முதல் பத்தியில் 'மேல்' என்றும் கடைசிப் பத்தியில் 'முறையீடு' என்றும் வந்த செய்திகளெல்லாம் வந்து குவியும். இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றனவா என்று சொல்ல இண்டெக்ஸில் ஆதாரம் இல்லை. அதற்கு, செய்தியில் அந்தச் சொல் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதையும் சேர்க்கும்போதே எழுதியிருக்க வேண்டும். 'மேல்' 14ஆம் இடத்திலும் 'முறையீடு' 15ஆம் இடத்திலும் இருந்தால் அவை தொடர். எழுதினால் விலை உண்டு. 1998இன் அந்தக் கட்டுரையில் சுருக்கிய பக்கங்கள் மொத்தம் 53.5 ஜிகாபைட், சொல் நிற்கும் இடங்களையும் சேர்த்த முழு இண்டெக்ஸ் மட்டும் 37.2 ஜிகாபைட். மூலத்தின் முக்கால் பங்கை நெருங்குகிறது. இந்த விலையைக் கேட்டு முதல் நாளில் பின்வாங்கியவர்கள், இரண்டாம் ஆண்டில் எல்லாவற்றையும் மறுபடி படித்து எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நம் மொழிக்கு வருகிறேன், பிள்ளைகளே. நீங்கள் தமிழ்ச் செய்திகளைத் தேடவைக்கப் போகிறீர்கள் என்றால் இங்கேதான் பொறுமை வேண்டும்.

ஜோடி எழுதத் தொடங்கும் முன்பே ஒரு முடிவை எடுத்துவிடுகிறோம்: எது ஒரு சொல்? ஆங்கிலத்துக்காக எழுதிய கருவிகளை அப்படியே தமிழுக்குப் போட்டால் என்ன நடக்கும் என்று பைத்தானில் நீங்களே பாருங்கள்.

```python
>>> import re
>>> re.findall(r'\w+', 'வெள்ளம்')
['வ', 'ள', 'ளம']
```

ஒரு சொல் மூன்று துண்டாகிவிட்டது. `\w` என்பது எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டும் சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. யூனிகோடில் நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் இல்லை; குறி என்ற வகையில் இருக்கின்றன. ஆகவே குறி வந்த இடமெல்லாம் சொல் முடிந்ததாக எண்ணி வெட்டிவிடுகிறது. இதில் வஞ்சகமான விஷயம், தேடல் நின்றுவிடுவதில்லை. கேள்வியையும் அதே கத்திதான் வெட்டுகிறது. 'வ', 'ள', 'ளம' என்ற துண்டுகள் உள்ள செய்திகளெல்லாம் வரும். அவற்றில் வெள்ளச் செய்திகளும் இருக்கும், வேறு பலவும் இருக்கும். ஏதோ சரியாகத் தரவரிசைப்படுத்தவில்லை என்று எண்ணி ஆட்கள் வேறு இடத்தைப் பழுதுபார்க்கப் போவார்கள். சொல் எல்லை எது என்பதற்கு யூனிகோடு அமைப்பே விதிகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் குறிகள் எழுத்தோடு ஒட்டியே நிற்கும். டக் கட்டிங் தொடங்கிய லூசீன் என்ற திறமூல நிரலில் இயல்பாக வரும் டோக்கனைசர் அந்த விதிகளைத்தான் பின்பற்றுகிறது. சொந்தமாக வெட்டப் புறப்படும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. எங்கள் பிரிவில் ஓர் இளைஞர் இருந்தார், அதிகம் பேசமாட்டார். கொள்ளிடம் பற்றிய செய்திகள் குறைவாக வருகின்றன என்று நிருபர்கள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். தேடும் நிரலை ஆளாளுக்குச் சந்தேகித்தபோது, அவர் அகராதியை மட்டும், எண் பட்டியல்கள் இல்லாமல், அகரவரிசையில் ஒரு கோப்பில் இறக்கி, உட்கார்ந்து படித்தார். நாள் கணக்கில் படித்தார். 'கொள்ளிடம்' இரண்டு முறை இருந்தது. திரையில் இரண்டும் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே தெரிந்தன. ஒன்றின் நீளம் 9, மற்றதன் நீளம் 10.

காரணம் இதுதான். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வழியாக எழுதலாம். 'க' உடன் `U+0BCA` என்ற ஒரே குறியைச் சேர்க்கலாம். அல்லது `U+0BC6` என்ற ஒற்றைக்கொம்பையும் `U+0BBE` என்ற காலையும் தனித்தனியே சேர்க்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான். கணினி ஒப்பிடுவது எண்களை. அதற்கு அவை வேறு வேறு சொற்கள். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய செய்திகள் ஒரு வழியிலும், புதிதாகத் தட்டியவை மறு வழியிலும் வந்து சேர்ந்திருந்தன. நிருபர் தட்டியது புதிய வழி என்பதால் பழைய செய்தி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. மருந்து ஒரே வரிதான்.

```python
term = unicodedata.normalize('NFC', term)
```

இது இரண்டு வழியையும் ஒரே வழியாக்கிவிடும். ஆனால் அந்த வரியை எங்கே போடுகிறோம் என்பதில்தான் அறிவு இருக்கிறது. கேள்வியில் மட்டும் போட்டால் நோய் தீராது. அகராதியில் பழைய வடிவத்தில் கிடக்கும் சொல்லை இனி எந்தக் கேள்வியும் தொடவே முடியாது. முன்பாவது யாரேனும் பழைய வடிவத்தில் தட்டினால் கிடைத்திருக்கும். செய்தி உள்ளே வரும் வழியிலும் கேள்வி உள்ளே வரும் வழியிலும் ஒரே சீராக்கம் நடக்க வேண்டும். ஏற்கெனவே எழுதியவற்றை மறுபடி எழுத வேண்டும். அந்த இளைஞர் இதைச் சொன்னபோது, இரண்டாவது வேலைக்கு மேலிடத்தில் அனுமதி வாங்கத்தான் அதிக நாள் பிடித்தது.

எழுத்து சீரானாலும் சொல் சீராவதில்லை. மேலே நாம் எழுதிய ஆறு தலைப்புகளில் 'வெள்ளம்' என்றே வந்தது. செய்தியின் உடலில் அப்படி வராது: வெள்ளத்தில், வெள்ளத்தால், வெள்ளத்தை, வெள்ளமும் என்றுதான் வரும். அகராதிக்கு இவை ஒவ்வொன்றும் தனிச்சொல். 'வெள்ளம்' என்று கேட்பவருக்கு வெள்ளத்தில் மூழ்கிய வீடுகள் கிடைக்காது. 'வெள்ள' என்று தொடங்குவதெல்லாம் வரட்டும் என்று சிலர் சொல்வார்கள். அகராதி வரிசையாக இருப்பதால் அது எளிதுதான். அடுத்தடுத்து நிற்பவற்றை அள்ளிக்கொள்ளலாம். அள்ளினால் வெள்ளரியும் வெள்ளாடும் வருவதோடு வெள்ளியும் வெள்ளையும்கூட வரும். 'ளி', 'ளை' இரண்டும் கணினிக்கு 'ள' என்று தொடங்கிப் பின்னால் ஒரு குறி சேர்ந்தவைதானே.

ஆகவே சேர்க்கும்போதே உருபைக் களைந்து அடிச்சொல்லை எழுதலாம் என்று விதி எழுதுவார்கள். முறையான வழி இதுவே. ஆனால் ஒவ்வொரு விதியையும் சந்தேகத்தோடு பாருங்கள். 'மதுரையில்' என்பதில் 'யில்' போனால் 'மதுரை' கிடைக்கும், சரி. எங்கள் குழுவில் ஒருவர் அந்த விதியைக் கட்டுப்பாடின்றி எழுதிவிட்டார். ரயில் 'ர' ஆனது, வெயில் 'வெ' ஆனது, மயில் 'ம' ஆனது. மயில்கள் பற்றிக் கேட்டவருக்கு ம. பொ. சிவஞானம் பற்றிய செய்திகள் வந்தன. பெயரின் முதல் எழுத்தைத் தனியே வெட்டி 'ம' என்று எழுதியிருந்ததே. 'த்தில்' என்பதை 'ம்' ஆக்கு என்பது அடுத்த விதி. வெள்ளத்தில் 'வெள்ளம்' ஆகும், மரத்தில் 'மரம்' ஆகும், அழகாக இருக்கும். 'எழுத்தில்' வந்து நிற்கும்போது அது 'எழும்' என்றாகிவிடும். களைந்த பின் இத்தனை எழுத்தாவது மிஞ்ச வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டால் மயில் தப்பும், எழுத்து தப்பாது. அதற்கு விதிவிலக்குப் பட்டியல் வேண்டும், அந்தப் பட்டியலை மொழி தெரிந்த ஒருவர் உட்கார்ந்துதான் எழுத வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், அடிச்சொல்லை எழுதும்போது செய்தியில் வந்த வடிவத்தையும் அதே இடத்துக்கு எதிரே எழுதிவிடுங்கள். இண்டெக்ஸ் பெருக்கும், பெருக்கட்டும். விதி தவறிய இடத்தில் அசல் வடிவம் கைகொடுக்கும்.

இந்த உழைப்புக்கு ஒரு பெரியவர் இருந்தார். ராபர்ட்டோ புசா என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி, தாமஸ் அக்வினாஸின் எழுத்துகளில் 'உடனிருத்தல்' என்ற கருத்தை ஆராயப் புகுந்தார். அந்தக் கருத்து பெரிய பெயர்ச்சொற்களில் மட்டும் இல்லை, நம் 'இல்' உருபுக்கு நிகரான ஒரு சின்ன லத்தீன் முன்னிடைச் சொல்லிலும் இருக்கிறது என்று கண்டார். அப்படிப்பட்ட சின்னச் சொற்களை அடைவு செய்பவர்கள் பொருட்படுத்துவதில்லை. அவர் அந்தச் சொல் வரும் வாக்கியங்களைத் தம் கையால் சுமார் 10,000 அட்டைகளில் எழுதினார். பிறகு, அத்தனை சொற்களுக்கும் அடைவு வேண்டும் என்ற முடிவோடு 1949இல் நியூயார்க் சென்று ஐபிஎம் நிறுவனத்தின் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். துளையட்டைகளில் தொடங்கிய அந்த வேலை முப்பது ஆண்டுகள் நடந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள். அச்சில் 56 தொகுதிகள். எந்திரம் வரிசைப்படுத்தியது. லத்தீனும் தமிழ்போல உருபேற்று மாறும் மொழி. எந்த வடிவம் எந்த அடிச்சொல்லுக்குரியது என்பதை மனிதர்கள் தீர்மானித்தார்கள்.

அவர் கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேடுபொறி கட்டுபவர்களும் நெடுங்காலம் சின்னச் சொற்களை எழுதாமலே விட்டார்கள். 'ஒரு', 'என்று', 'மற்றும்' போன்றவை ஏறக்குறைய எல்லாச் செய்தியிலும் வரும், பட்டியல் நீளும், பயன் சிறிது. கணக்கு நியாயமானதே. ஆனால் 'என்று தணியும்' என்று தொடங்கும் ஒரு தலைப்பைத் தேடி வருபவருக்கு 'தணியும்' மட்டுமே மிஞ்சும். ஒரு சொல் பயனற்றது என்று சேர்க்கும்போது சொல்லிவிடலாம்; பின்னால் யார் என்ன கேட்டு வருவார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இடைவெளியை மட்டும் எழுதும் முறையில் அந்த நீண்ட பட்டியல்கள் நன்றாகச் சுருங்கும் என்று முன்பே சொன்னேன். வட்டும் மலிந்துவிட்டது. விடாமல் எழுதிவையுங்கள்.

செய்தி மாறினால் என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு செய்தியில் 300 வெவ்வேறு சொற்கள் இருந்தால் அதன் எண் 300 பட்டியல்களில் கிடக்கிறது. நெருக்கி எழுதிய பட்டியலின் நடுவிலிருந்து ஓர் எண்ணை உருவுவது எளிதல்ல. அதனால் லூசீன் போன்றவை எழுதியதைத் திருத்துவதே இல்லை. புதிய செய்திகளுக்குத் தனித்தனிச் சிறு இண்டெக்ஸ்கள் எழுதுகின்றன. நீக்கிய செய்தியை நீக்கியதாக ஒரு குறி மட்டும் போட்டுவைத்து, விடை தரும்போது தாண்டிப் போகின்றன. அவ்வப்போது சிறியவற்றை இணைத்துப் பெரிதாக எழுதும்போதுதான் அந்த எண்கள் உண்மையில் மறைகின்றன. நூறு செய்தியை நீக்கிய பிறகும் வட்டில் இடம் குறையவில்லையே என்று பதற வேண்டாம்; இணைப்பு நடக்கும்வரை அப்படித்தான்.

கடைசியாக ஒரு நடைமுறை. சொல்லை வெட்டும் விதியோ உருபு களையும் விதியோ மாறினால், இண்டெக்ஸைப் பழுதுபார்க்க முடியாது. மறுபடி கட்டத்தான் வேண்டும். அதற்கு மூலச் செய்திகள் தொடப்படாமல் இருக்க வேண்டும். இண்டெக்ஸ் இருக்கிறதே என்று மூலத்தை அழித்தவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. புதிய இண்டெக்ஸைப் பக்கத்தில் தனியே கட்டுங்கள். அதுவரை பழையது பதில் சொல்லிக்கொண்டிருக்கட்டும். கட்டி முடித்ததும் உடனே மாற்றிவிடாதீர்கள். வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் சொற்களை இரண்டிலும் ஓட்டி, விடைகளின் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எண்ணிக்கை திடீரென்று பெருகிய சொல் இருந்தால், விதி அளவுக்கு மீறி வெட்டி இரண்டு சொற்களை ஒன்றாக்கியிருக்கிறதா என்று அங்கே பாருங்கள். எண்ணிக்கை விழுந்த சொல் இருந்தால், கேள்வியும் செய்தியும் ஒரே வழியாக உள்ளே வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டுக்கும் அகராதியை இறக்கிப் படிப்பதே குறுக்கு வழி.